எண்பது புத்தகத்தின் அவசரம்

கிராமத்துப் பள்ளி நூலகத்துக்காக நிதி கேட்டு வரும் வேண்டுகோள்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. மேலே சிவப்பு எழுத்தில் ‘அவசரம்’ என்றிருக்கும். நடுவில் சீருடைப் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம். கீழே ஒரு கைபேசி எண்ணும், இயன்றதை அனுப்புங்கள், பத்துப் பேருக்குப் பகிருங்கள் என்ற வரியும். மொத்தம் எவ்வளவு தேவை, அது எதற்கு, பணம் யார் கணக்கில் சேரும், எந்தத் தேதிக்குள் வேண்டும், மிஞ்சினால் என்ன ஆகும் ஆகிய ஐந்து கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அதில் பதில் இராது. எழுதியவர் நேர்மையானவராகவே இருப்பார். ஆனால் அவருடைய தாளையும் ஒரு மோசடிக்காரரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எவருடையது என்று சொல்ல முடியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

படிப்பவர் மனத்தில் இவற்றுக்கும் முன்னால் எழும் கேள்வி இன்னொன்று உண்டு: அரசுப் பள்ளிதானே, அரசு தராதா? இது நியாயமான கேள்வி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்கும் நூல்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தில், பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியத்துக்கு இடமிருக்கிறது. ஆகவே பள்ளிக்கு இதுவரை வந்தது எவ்வளவு, அதில் வாங்கியது என்ன, இன்னும் இல்லாதது என்ன என்பதை வேண்டுகோளே சொல்லிவிட வேண்டும். அரசு எதுவுமே தரவில்லை என்று எழுதுவது பெரும்பாலும் உண்மையாக இருப்பதில்லை. விவரம் தெரிந்த ஒரே ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினால் போதும், மற்ற வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அவசரம் எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி, 96 பிள்ளைகள், பூட்டிக் கிடக்கும் ஒரு வகுப்பறை, தலைமையாசிரியர் அறையில் ஒரு பீரோ நிறையப் பழைய புத்தகங்கள். அந்த வகுப்பறையை நூலகமாக்க வேண்டும். சிறுவர் நூல்கள் 800. ஒன்று சராசரியாக 70 ரூபாய் என்றால் 56,000. மாவட்டப் புத்தகக் கண்காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடி கிடைத்தால் 50,400. புத்தகங்களை ஏற்றி வர 2,500. நான்கு இரும்பு ரேக்குகள், ஒன்று 6,500 வீதம் 26,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4,680. இரண்டு மின்விசிறி, இரண்டு டியூப்லைட், ஒயரிங் சேர்த்து 9,500. பத்துக் கோரைப்பாய் 3,500. இரவல் பதிவேடு, அட்டை, லேபிள், பசை 3,000. கூட்டினால் 99,580 ரூபாய்.

இந்தத் தொகையை ஒரு லட்சம் என்று முழுமையாக்கிச் சொல்லவே கை துறுதுறுக்கும். சொல்லாமல் இருப்பது நல்லது. 99,580 என்ற எண்ணைப் பார்த்தவுடன், யாரோ கடைக்குப் போய் விலை கேட்டு வந்திருக்கிறார் என்பது புரிந்துவிடும். ரேக்குக்கான ஜிஎஸ்டியும் அப்படித்தான். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, இரும்புச் சாமானுக்கு உண்டு. கொட்டேஷன் வாங்காமல் தோராயமாகப் போட்ட பட்டியல்களில் முதலில் விட்டுப்போவது இந்த வரிதான். பிறகு நடுவழியில் நாலாயிரம் ஐயாயிரம் குறைகிறது என்று இரண்டாவது முறை கேட்க வேண்டி வரும்.

ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் ஏற்கெனவே 35,000 ரூபாய் போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 64,580. இதில் அவசரம் எங்கே இருக்கிறது? புத்தகக் கண்காட்சி முடியும் தேதியில் மட்டும்தான். கண்காட்சிக்குப் பிறகு வாங்கினால் தள்ளுபடி கிடைக்காது; அதே 50,400 ரூபாய்க்கு 800 புத்தகம் வராது, 720தான் வரும். நாள் தவறினால் ஏற்படும் நட்டம் எண்பது புத்தகம். இதைத் தவிர்க்கப் புத்தகத்துக்கும் வண்டிக்கும் சேர்த்து 52,900 ரூபாய் கையில் இருந்தால் போதும். இருப்பது 35,000. ஆக, தேதிக்குள் உண்மையிலேயே தேவைப்படுவது 17,900 ரூபாய். ரேக், மின்விசிறி, பாய், பதிவேடு ஆகியவற்றுக்கான 46,680 ரூபாய் அடுத்த இரண்டு மாதத்தில் வந்தாலும் எதுவும் கெட்டுப்போகாது. அதுவரை புத்தகங்கள் பீரோவில் இருக்கலாம். தரையில் அட்டைப்பெட்டியோடு வைத்தால் கரையான் வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இப்படிப் பிரித்துப் பார்க்காமல் முழுத் தொகைக்கும் ‘அவசரம்’ என்று எழுதுவதுதான் பொதுவான தவறு. அவசரமே சொல்லாமல் விட்டாலும் ஆகாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்ட வேண்டுகோள் திரும்பத் திறக்கப்படுவது அரிது. ஆனால் அவசரத்துக்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணம் படிப்பவர் தாமே சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். கண்காட்சி முடியும் நாள் ஊரறிந்தது. தள்ளுபடி எவ்வளவு என்பது ரசீதில் இருக்கும். ‘குழந்தைகளின் எதிர்காலம் இருண்டுவிடும்’ என்பதைச் சரிபார்க்க வழியே இல்லை.

35,000 ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்பதைச் சொன்னால் மற்றவர்கள் கொடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்று சிலர் அதை மறைப்பதுண்டு. நடப்பது நேர்மாறு. அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரெய்லி இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கணினிகள் வாங்க நிதி கேட்டுக் கடிதங்கள் அனுப்பினார்கள். சிலருடைய கடிதத்தில் இலக்கில் 10 சதவீதம் கைவசம் இருப்பதாகவும், சிலருடையதில் 67 சதவீதம் இருப்பதாகவும் சொல்லப்பட்டது. பின்னதற்கு வந்த நன்கொடை முன்னதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. தேர் பாதி வீதி வந்துவிட்டது என்றால் வடம் பிடிக்க ஆள் சேர்வதைப் போலத்தான் இதுவும். பள்ளியை நேரில் அறிந்தவர்கள் முதலில் பணம் போட்டிருக்கிறார்கள் என்பது, அறியாதவர்களுக்கு ஒரு சாட்சி.

படத்தில் யார் இருக்க வேண்டும்?

ஒரு பிள்ளையின் முகத்தைக் காட்டினால் பணம் கூடுதலாக வரும் என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் கையிலிருந்த 5 டாலரில் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பஞ்சத்தில் வாடுவோரின் எண்ணிக்கையை மட்டும் படித்தவர்கள் கொடுத்தது 1.14 டாலர். சிறுமியையும் எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டியபோது 1.43 டாலர்தான். புள்ளிவிவரம் நுழைந்ததும் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு, கணக்கை விட்டு ஒரு ஏழைப் பிள்ளையின் படத்தைப் பெரிதாகப் போடலாம் என்று முடிவு செய்தால் அது கிராமத்துக்குப் பொருந்தாது. அந்த ஆய்வில் கொடுத்தவர் எவரும் அந்தச் சிறுமியை மறுநாள் தெருவில் பார்க்கப் போவதில்லை. கிராமத்தில் வாட்ஸ்அப்பில் வந்த படம் மாலைக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஒன்றும் கிடைத்துவிடும். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் முகமும் பெயரும் வரக் கூடாது. சம்மதம் இருந்தாலும், பரிதாபத்துக்காக வரக் கூடாது. முகத்துக்குப் பதிலாக ஒரு பொருளைக் காட்டலாம். முதுகு கிழிந்து, பசைத்தாள் ஒட்டி, இருக்கும் ஒரே கதைத்தொகுதியாகப் பீரோவில் நிற்கும் புத்தகம். அதை வாங்கிப் போனவர்களின் தேதிகள் நிரம்பிய இரவல் சீட்டு. ஒற்றை உதாரணத்தின் வலிமை அதிலும் கிடைக்கிறது. யாருக்கும் தலைகுனிவு இல்லை. கணக்கைப் பொறுத்தவரை, அதை வேண்டுகோளின் தொடக்கத்தில் வைக்காமல் பின்பகுதியில் வைத்தால் போதும்.

யார் கணக்கில்?

நம்பிக்கை பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான். பள்ளிக்கான பணத்தைத் தலைமையாசிரியர் தம் சொந்த ஜிபே எண்ணில் வாங்கினால், ஒரு ரூபாய் தவறாமல் செலவிட்டாலும் அதை அவரால் நிரூபிக்க முடியாது. அதே கணக்கில் அவருடைய சம்பளமும் மளிகைச் செலவும் கலந்திருக்கும். தவிர, அரசு ஊழியர் நடத்தை விதிகள் முன் அனுமதியின்றி நிதி திரட்டுவதைத் தடுக்கின்றன. அரசுப் பள்ளியைப் பொறுத்தவரை உரிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். குழு கூடி, இன்ன வேலைக்கு இவ்வளவு திரட்டுவது என்று தீர்மானம் போட்டு, குழுவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் பணம் வாங்கினால் தனி ஒருவர் மீது பழி விழாது. தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது: அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை பெறுவதற்காக 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ அமைப்பு.

யூபிஐயில் பணம் அனுப்பும்போது, ரகசிய எண்ணை அழுத்துவதற்கு முன் பெறுபவரின் பெயர் திரையில் வரும். வேண்டுகோளில் அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் குறிப்பிட்டு, வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். பத்துக் குழுக்களுக்குப் போன படத்தில் யாராவது க்யூஆர் கட்டத்தை மட்டும் மாற்றி ஒட்டிவிடுவது எளிது. அதைக் கொடுப்பவரே கண்டுபிடிக்க இந்த ஒரு வரி உதவும்.

வரிச்சலுகை பற்றிக் கவனமாகப் பேச வேண்டும். எல்லோருக்கும் பழகிய பெயரான 80ஜி சலுகை, பள்ளி என்பதாலேயே கிடைத்துவிடாது. பணம் பெறும் அமைப்புக்கு வருமான வரித் துறையின் பதிவு இருக்க வேண்டும். அது நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இல்லை. பதிவு இல்லையென்றால் ‘இதற்கு வரிச்சலுகை கிடையாது’ என்று நேராகவே எழுதிவிடலாம். ஐந்நூறு ரூபாய் கொடுப்பவர் அதற்காக நின்றுவிடப் போவதில்லை. உண்டு என்று எழுதி, மார்ச் மாதம் சான்றிதழ் கேட்டு அவர் அலையும் நிலை வந்தால்தான் ஆபத்து.

வெளிநாட்டுத் தமிழர் விஷயத்தில் பலரும் இடறுகிறார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பணம் ஆகாது. ஆனால் அதே ஊரில் பிறந்து, பிறகு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அதைப் பெறப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், அதற்கென டெல்லியில் தனி வங்கிக் கணக்கும் வேண்டும். ஒரு கிராமத்துக் குழுவுக்கு அது எட்டாத வேலை. ஆகையால் ‘இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும்’ என்ற சொற்களை வேண்டுகோளில் சேர்ப்பது, கசப்பாக இருந்தாலும், அவசியம்.

எழுதிப் பார்த்தால்

மேலே சொன்ன கற்பனைப் பள்ளிக்கான வேண்டுகோள், எல்லாம் சேர்ந்து, இப்படி வரலாம்:

> எங்கள் பள்ளிப் பீரோவில் கதைத்தொகுதி ஒன்றே ஒன்று இருக்கிறது. அதன் இரவல் சீட்டில் தேதி எழுத இடமில்லை.
>
> பூட்டிக் கிடக்கும் வகுப்பறையை நூலகமாக்கப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. மொத்தச் செலவு 99,580 ரூபாய். ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் 35,000 கொடுத்துவிட்டார்கள். அரசு நூலக மானியத்தில் சென்ற ஆண்டு வாங்கிய புத்தகங்களின் பட்டியலும், கடைகளில் வாங்கிய கொட்டேஷனும் இத்துடன் உள்ளன.
>
> 16ஆம் தேதி மாவட்டப் புத்தகக் கண்காட்சி முடிகிறது. அதற்குள் 17,900 ரூபாய் வந்தால் 800 புத்தகங்களைத் தள்ளுபடியில் வாங்கலாம். வராவிட்டால் 80 புத்தகம் குறையும். ரேக், மின்விசிறி, பாய் முதலியவற்றுக்கான மீதி 46,680 ரூபாய்க்கு அவசரமில்லை. இரண்டு மாதம் பொறுக்கலாம்.
>
> பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும். திரையில் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தால் அனுப்ப வேண்டாம். இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் அனுப்பவும். வரிச்சலுகை கிடையாது.
>
> தொகை மிஞ்சினால் அடுத்த ஆண்டு இதழ்ச் சந்தாவுக்குச் செல்லும். குறைந்தால் முதலில் புத்தகம், பிறகு ரேக், கடைசியில் மின்விசிறி. வரவுசெலவு ஒவ்வொரு ஞாயிறும் இங்கேயே வெளிவரும். இலக்கு எட்டியதும் வசூல் நிற்கும். அதற்குமேல் இந்தத் தாளைப் பகிர வேண்டாம்.

இதில் மிஞ்சினால், குறைந்தால் என்ற இரண்டு வரிகளைப் பலரும் தேவையற்றவை என்று வெட்டிவிடுவார்கள். ஆனால் பின்னால் சண்டை வருவது அந்த இரண்டைப் பற்றித்தான். நூலகத்துக்கு என்று வாங்கிய பணத்தில் மிச்சத்தை ஆண்டு விழாப் பந்தலுக்குக் கொடுத்தால், அதுவும் பள்ளிச் செலவுதானே என்று குழு நினைக்கும். கொடுத்தவர் அப்படி நினைக்க மாட்டார். முன்னமே சொல்லியிருந்தால் அது ஒப்பந்தம், சொல்லாமல் செய்தால் துரோகம்.

தொடங்கிய தேதியும் முடியும் தேதியும் தாளிலேயே அச்சாகியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போன செய்திக்குச் சாவு கிடையாது. தேதியில்லாத வேண்டுகோள் மூன்று ஆண்டு கழித்தும் எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும், நூலகம் திறந்து ரேக்கின் பெயிண்ட் மங்கிய பிறகும்.

பணத்துக்குப் பதிலாகப் புத்தகமாகத் தரலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லையென்றால் பழைய நோட்ஸ், காலாவதியான போட்டித் தேர்வுக் கையேடுகள், அட்டை இழந்த வார இதழ்கள் எல்லாம் மூட்டையாக வந்து இறங்கும். மறுக்கவும் முடியாது, அடுக்கவும் இடமிராது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் படிக்கக்கூடிய, பக்கம் கிழியாத கதை, அறிவியல், வாழ்க்கை வரலாறு மட்டும் என்று சொல்லிவிடுவது நல்லது.

கணக்கு காட்டுவது

கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் வரிசையாக வெளியிடுவது ஊர் வழக்கம். கோயில் சுவரில் டியூப்லைட் உபயம் எழுதும் நாட்டில் அதில் வியப்பில்லை. ஆனால் 200 ரூபாய் கொடுத்தவர் 5,000 கொடுத்தவருக்குக் கீழே தம் பெயரைப் பார்க்கக் கூசலாம். பெயரே வேண்டாம் என்று சிலர் கேட்கலாம். இதற்கு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு யூபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு. தேதி, தொகை, அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஆகிய மூன்றை மட்டும் பட்டியலிட்டால், கொடுத்தவர் தம் வரியைத் தாமே கண்டுபிடித்துவிடுவார். மற்றவருக்கு அவர் யாரென்று தெரியாது. பட்டியலின் கூட்டுத்தொகை பாஸ்புக் பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை எவரும் பார்க்கலாம். ரொக்கம் வாங்கினால் வரிசை எண் இட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். கடைசி ரசீது எண்ணையும் கணக்கில் எழுத வேண்டும். இடையில் ஓர் எண் காணாமல் போயிருந்தால் அதுதான் முதல் கேள்வி.

செலவுப் பக்கத்தில் பில்லின் படம் மட்டும் போதாது, திட்டமிட்டது ஒரு பத்தி, ஆனது ஒரு பத்தி என்று பக்கத்தில் வைக்க வேண்டும். ரேக் 30,680 என்று போட்டது 31,900 ஆகியிருக்கலாம். பாய்க்கு 400 ரூபாய் மிச்சப்பட்டிருக்கலாம். கூடியதற்குக் காரணம் ஒரு வரி போதும். போட்ட தொகையும் ஆன தொகையும் ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் பொருந்தும் கணக்கைத்தான் அனுபவமுள்ளவர்கள் சந்தேகப்படுவார்கள்.

வசூல் முடிந்ததும் முடிந்தது என்ற அறிவிப்பு, வேண்டுகோள் போன அதே குழுக்களுக்குப் போக வேண்டும். நூலகம் திறந்து ஆறு மாதம் ஆனபின் இன்னொன்றும் போகலாம்: இரவல் பதிவேட்டின் ஒரு பக்கம், பிள்ளைகளின் பெயரை மறைத்து. எத்தனை புத்தகம் வெளியே போனது, எத்தனை திரும்பவில்லை, எத்தனை கிழிந்தது என்ற மூன்று எண்கள். திரும்பாத புத்தகங்களை மறைக்கத் தேவையில்லை. ஒன்றுகூடத் தொலையவில்லை என்றால், பீரோவுக்கு எந்நேரமும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றும் பொருள் கொள்ளலாம்.